மறைந்திருக்கும் உருவத்தைக் கண்டறிவது எப்படி?

போட்டித் தேர்வுகளின் திறனறிவுப் பகுதியில் அடிக்கடி இடம்பெறும் ஒரு வகை வினாவில், இடப்பக்கம் ஓர் எளிய உருவமும் வலப்பக்கம் கோடுகள் நெருங்கிய நான்கு படங்களும் தரப்பட்டிருக்கும். எளிய உருவத்தை வினா உருவம் என்றும், நான்கு படங்களை விடை உருவங்கள் என்றும் சொல்வார்கள். வினா உருவம் எந்த விடை உருவத்துக்குள் அப்படியே அடங்கியிருக்கிறது என்பதே கேள்வி. 'அப்படியே' என்றால் அதே வடிவத்தில், அதே பக்க விகிதத்தில், அதே திசையில் என்று பொருள். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் வினாக்களில், உருவத்தைச் சுழற்றிப் பார்க்க அனுமதி இல்லை என்ற குறிப்பே பெரும்பாலும் சேர்ந்து வரும். அத்தேர்வாணையத்தின் பட்டதாரி நிலை முதற்கட்டத் தேர்வில் 60 நிமிடங்களில் 100 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அதாவது ஒரு வினாவுக்குச் சராசரியாக 36 நொடிகள். படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் எளிதில் கரைந்துவிடும். ஆகவே எதைப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு பார்ப்பதே சரியான வழி.

கண் முன்னே முழுமையாக இருக்கும் ஓர் உருவம் ஏன் தெரிவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாம் ஒரு படத்தைப் பார்க்கும்போது தனித்தனிக் கோடுகளைப் பார்ப்பதில்லை. அவற்றைக் கூட்டி முழு வடிவங்களாகவே பார்க்கிறோம். இந்தக் கூட்டிப் பார்க்கும் பழக்கத்துக்குச் சில விதிகள் இருப்பதை ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் விளக்கினார். நேராகத் தொடரும் கோட்டை நாம் நடுவில் வெட்டிப் பார்ப்பதில்லை. கடைசிவரை ஒரே கோடாகவே பார்க்கிறோம். மூடிய வடிவத்தையும் இருபக்கமும் ஒத்த வடிவத்தையும் மற்றவற்றுக்கு முன்னதாகவே கண்டுகொள்கிறோம். மறைந்திருக்கும் உருவத்தை வரைபவர் இந்த விதிகளையே தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார். வினா உருவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அதைவிடப் பெரிய, அதைவிட ஒழுங்கான வேறொரு வடிவத்தின் பகுதியாக்கிவிட்டால் போதும். அந்தப் பக்கங்கள் எல்லாம் கண்ணெதிரே இருந்தும் ஒன்றோடொன்று சேராமல் போய்விடும்.

இதை நேரடியாகச் சோதித்தவர் ஜெர்மானிய உளவியலாளர் குர்ட் காட்ஷால்ட். 1926இல் வெளியான அவருடைய ஆய்வில், ஒரு குழுவினருக்கு எளிய உருவங்களை 3 முறை மட்டும் காட்டினார். மற்றொரு குழுவினருக்கு 520 முறை காட்டினார். பிறகு அவ்வுருவங்களை உள்ளடக்கிய சிக்கலான படங்களைக் காட்டி, கண்ணில் படுவதை விவரிக்கச் சொன்னார். 520 முறை பார்த்தவர்களுக்கும் அந்த உருவங்கள் தாமாகப் புலப்பட்டுவிடவில்லை; இரண்டு குழுக்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களைத் தேடச் சொல்லவில்லை, தேர்வு எழுதுபவரோ தேடியே ஆக வேண்டும் என்ற வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஆயினும் அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் செய்தி தெளிவானது. வினா உருவத்தை மீண்டும் மீண்டும் உற்றுப் பார்த்து மனத்தில் பதியவைப்பதால் மட்டும் அது விடை உருவத்தில் தானாகத் துலங்காது. முழு உருவமாக அதைத் தேடுவதை விட்டு, அதன் பக்கங்களையும் மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

காட்ஷால்டின் உருவங்களைத் தழுவியே அமெரிக்க உளவியலாளர் ஹெர்மன் விட்கின் 1950இல் மறைந்த உருவச் சோதனையை அமைத்தார். 1971இல் வந்த அதன் குழுச் சோதனை வடிவில் எளிய உருவங்கள் கையேட்டின் பின்னட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். எளிய உருவத்தையும் சிக்கலான படத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க இயலாது. நம் தேர்வுகளில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சுமை இல்லாததால், எஞ்சுவது பிரித்தெடுக்கும் வேலை மட்டுமே.

அந்த வேலையை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகவே பார்ப்போம். படம் வரைந்து காட்டுவதற்குப் பதிலாக, கைப்பேசியின் எண் பலகையில் உள்ளதுபோல் ஒன்பது புள்ளிகளுக்கு எண் கொடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே, குறுக்கிலும் நெடுக்கிலும், ஒரே அளவு இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொண்டு, கீழே சொல்லப்படும் கோடுகளைப் பென்சிலால் வரைந்தபடி படித்தால் எல்லாம் எளிதாக விளங்கும்.

```
1   2   3

4   5   6

7   8   9
```

நம் வினா உருவம் ஒரு சரிவகம். 4, 5, 9, 7 ஆகிய புள்ளிகளை இவ்வரிசையில் இணைத்து மீண்டும் 4க்கு வந்தால் அது கிடைக்கும். மேல்பக்கம் ஓர் அலகு, இடப்பக்கம் ஓர் அலகு, அடிப்பக்கம் இரண்டு அலகு. வலப்பக்கம் மட்டும் சாய்ந்திருக்கிறது. இடப்பக்க மூலைகள் இரண்டும் செங்கோணம். வலப்பக்கம் மேலே ஒரு விரிகோணமும் கீழே ஒரு குறுங்கோணமும் உள்ளன. புள்ளி எண்கள் நம் வசதிக்காகவே தவிர, இந்த உருவம் விடை உருவத்தில் இதே புள்ளிகளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இடம் மாறலாம், திசை மாறக் கூடாது.

இந்த உருவத்தை எல்லையோரமாக நடந்து செல்லும் வழியாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். மேல் இடப்பக்க மூலையில் தொடங்கி, வலப்பக்கம் ஒன்று, கீழ்நோக்கி வலப்பக்கமாகச் சாய்வு ஒன்று, இடப்பக்கம் இரண்டு, மேலே ஒன்று. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். கண்ணாடிப் பிம்பத்திலும் சுழற்றிய உருவத்திலும் இந்தச் சொற்களின் வரிசை மாறிவிடும். உருவங்களை வெறுங்கண்ணால் ஒப்பிடும்போது எது நேர், எது பிம்பம் என்று குழம்புகிறவர்களுக்கு, 'சாய்வு வலப்பக்கமாக இறங்குகிறதா, இடப்பக்கமாக இறங்குகிறதா' என்ற ஒற்றைக் கேள்வி அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்ததாக, எந்தக் கூறிலிருந்து தேடத் தொடங்குவது என்று முடிவுசெய்ய வேண்டும். படுக்கைக் கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் எல்லா விடை உருவங்களிலும் நிறைந்திருக்கும். ஆகவே அவற்றைத் தேடித் தொடங்கினால் எதையும் நீக்க முடியாது. அரிதாகக் கிடைக்கும் கூறைத்தான் முதலில் தேட வேண்டும். நம் சரிவகத்தில் அரிதானது சாய்வுக் கோடு. அதுவும் இடமிருந்து வலமாகக் கீழே இறங்கும் சாய்வு. அந்தச் சாய்வின் அடியிலிருந்து இடப்பக்கமாக இரண்டு அலகும், அதன் உச்சியிலிருந்து இடப்பக்கமாக ஓர் அலகும் படுக்கைக் கோடு செல்ல வேண்டும். இதுவே நம் அடையாளம்.

இப்போது நான்கு விடை உருவங்களுக்கு வருவோம். நான்கிலும் 1, 3, 9, 7 ஆகியவற்றை இணைக்கும் பெரிய வெளிச்சதுரம் இருக்கிறது. முதல் படத்தில் அதற்குள் 1–9, 3–7 என்ற இரண்டு மூலைவிட்டங்களும், 2–8 என்ற நடுச் செங்குத்துக் கோடும் உள்ளன. இரண்டாம் படத்தில் 4–6 என்ற நடுப் படுக்கைக் கோடு, 2–8 என்ற நடுச் செங்குத்துக் கோடு, 3–7 என்ற ஒரே மூலைவிட்டம் ஆகியவை உள்ளன. மூன்றாம் படத்தில் 2, 6, 8, 4 ஆகியவற்றை இணைத்து முனையில் நிற்கும் ஒரு சதுரமும், 4–6, 2–8 ஆகிய இரண்டு நடுக்கோடுகளும் உள்ளன. நான்காம் படத்தில் 1–9 மூலைவிட்டமும், 2–8 நடுச் செங்குத்துக் கோடும், 5இலிருந்து 6வரை மட்டும் செல்லும் பாதிப் படுக்கைக் கோடும் உள்ளன.

தேடலை இரண்டாம் படத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அதை ஒரே பார்வையில் நீக்கிவிடலாம். அதில் உள்ள ஒரே சாய்வு 3இலிருந்து 7க்கு, அதாவது இடப்பக்கமாக இறங்குகிறது. நமக்கு வேண்டியதோ வலப்பக்கமாக இறங்கும் சாய்வு. எனவே அந்தப் படத்தில் வினா உருவம் இருக்க வழியே இல்லை. ஆனால் அதே படத்தில் 5, 6, 9, 7 ஆகியவற்றை இணைத்துப் பாருங்கள். அச்சு அசலாக நம் சரிவகம்போலவே ஒன்று அமைந்திருக்கும். அது கண்ணாடிப் பிம்பம். தேர்வறைப் பதற்றத்தில் மிகுதியானவர்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய தவறான விடை இத்தகையதுதான், ஏனெனில் எல்லா அளவுகளும் பொருந்துகின்றன. திசை ஒன்று மட்டுமே பொருந்தவில்லை.

முதல் படத்தில் 1–9 மூலைவிட்டம் சரியான பக்கமாக இறங்குகிறது. அதன் அடியான 9இலிருந்து இடப்பக்கமாக 7வரை இரண்டு அலகுக்குக் கோடு இருக்கிறது. 7இலிருந்து 4க்கு மேலேறவும் முடிகிறது. இதுவரை எல்லாம் சரி. ஆனால் 9இலிருந்து சாய்வில் ஏறி 5ஐ அடைந்ததும், அங்கிருந்து இடப்பக்கமாகச் செல்லக் கோடு இல்லை. மூலைவிட்டம் இன்னும் மேலே 1வரை போகிறதே என்று ஏறிச் சென்றால் கிடைப்பது சரிவகம் அல்ல, முக்கோணம். இந்தப் படத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 1, 2, 5, 7 ஆகியவற்றை இணைத்தால் நம் சரிவகம் கடிகார முள் செல்லும் திசையில் கால் சுற்று திரும்பிய நிலையில் கிடைக்கும். சுழற்ற அனுமதி இல்லாததால் அது விடையாகாது.

நான்காம் படம் இவற்றைவிடச் சாமர்த்தியமானது. 9இலிருந்து 7க்குச் செல்லலாம், 7இலிருந்து 4க்கு ஏறலாம், 9இலிருந்து 5க்கும் ஏறலாம். 5இல் ஒரு படுக்கைக் கோடும் இருக்கிறது. ஆனால் அது வலப்பக்கமாக 6க்குச் செல்கிறதே ஒழிய இடப்பக்கமாக 4க்கு வரவில்லை. பாதியில் நிற்கும் இப்படிப்பட்ட கோட்டைக் கண் தானே நீட்டிக்கொள்ளும். வெர்தைமர் சொன்ன தொடர்ச்சி விதியின் மறுபக்கம் இது. ஆகவே நான்கு பக்கங்களில் மூன்று பொருந்திவிட்டன என்பதற்காக நான்காவதைப் பார்க்காமல் விடையைக் குறித்துவிடக் கூடாது. இதே படத்தில் 1, 3, 6, 5 ஆகியவற்றை இணைத்தால் அரைச் சுற்றுத் திரும்பிய சரிவகமும் கிடைக்கும் என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாம் படத்தில் வலப்பக்கமாக இறங்கும் சாய்வுகள் இரண்டு: 4–8, 2–6. முதலில் 4–8ஐ எடுத்துக்கொண்டால், அதன் அடியான 8இலிருந்து இடப்பக்கமாக 7வரை ஓர் அலகுதான் இருக்கிறது. அதற்கு மேல் படமே இல்லை. அதை விட்டுவிட்டு 2–6க்கு வருவோம். அடியான 6இலிருந்து இடப்பக்கமாக 5ஐக் கடந்து 4வரை இரண்டு அலகு செல்கிறது. உச்சியான 2இலிருந்து இடப்பக்கமாக 1வரை ஓர் அலகு இருக்கிறது. 1இலிருந்து 4க்கு இறங்கும் கோடும் இருக்கிறது. வலப்பக்கம் ஒன்று, வலப்பக்கமாக இறங்கும் சாய்வு ஒன்று, இடப்பக்கம் இரண்டு, மேலே ஒன்று என்று நம் நடை முழுதும் நிறைவேறுகிறது. விடை மூன்றாம் படம். உருவம் இருக்கும் இடம் 1, 2, 6, 4.

விடை தெரிந்தபின் அந்தப் படத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சரிவகத்தின் மேல்பக்கமும் இடப்பக்கமும் வெளிச்சதுரத்துக்கு உரியவையாகத் தெரிகின்றன. சாய்ந்த பக்கம் முனையில் நிற்கும் சதுரத்தின் ஒரு பக்கமாகத் தெரிகிறது. அடிப்பக்கமோ நடுவில் உள்ள கூட்டல் குறியின் படுக்கைக் கோடாகத் தெரிகிறது. இம்மூன்றும் ஒழுங்கான, இருபக்கமும் ஒத்த வடிவங்கள். சரிவகமோ ஒருபக்கம் சாய்ந்தது. ஆகவே ஒரு சதுரம், அதற்குள் ஒரு சதுரம், அதற்குள் ஒரு கூட்டல் குறி என்றே கண் பார்க்கிறது. சரிவகத்துக்கு என்று ஒரு கோடும் மிஞ்சுவதில்லை. நல்ல வினாவுக்கும் சாதாரண வினாவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்பது என் எண்ணம். கோடுகளை அள்ளிக் குவிப்பதால் மட்டும் படம் கடினமாகிவிடாது. ஒவ்வொரு பக்கமும் எந்தப் பெரிய வடிவத்திடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே கடினம் கூடுகிறது.

மூன்றாம் படத்தில் கவனிக்க வேண்டிய மற்றொன்று, சரிவகத்தின் உள்ளே 2–5 என்ற கோடும் 2–4 என்ற சாய்வும் ஓடுகின்றன. தொடக்க நிலையினர் பலர், உள்ளே கோடு இருப்பதால் இது வினா உருவம் அல்ல என்று எண்ணி இதை ஒதுக்கிவிடுவார்கள். அது தவறு. வினா உருவத்தில் இல்லாத கோடுகள் அதன் உள்ளே ஓடலாம், எல்லையை வெட்டிச் செல்லலாம், எல்லைக் கோடே இருபுறமும் நீண்டு செல்லலாம். சேர்ந்திருப்பது குற்றமல்ல; குறைந்திருப்பதே குற்றம். வினா உருவத்துக்குள்ளேயே ஏதேனும் கோடு வரையப்பட்டிருந்தால் மட்டும் அந்த உள்கோடும் விடை உருவத்தில் இருந்தே ஆக வேண்டும். வெளி எல்லை பொருந்தியதும் நின்றுவிடுபவர்கள் இதைத் தவறவிடுவதுண்டு.

விடையை உறுதிசெய்ய, எல்லையைப் பென்சில் முனையால் ஒரு முறை தொட்டுச் சுற்றிவருவது போதும். கணினித் திரையில் நடக்கும் தேர்வில் சுட்டெலியின் அம்புக்குறியை அப்படி நகர்த்தலாம். கோடு இல்லாத இடத்தின் மேல் ஓரிடத்திலாவது செல்ல வேண்டியிருந்தால் விடை தவறு. மூடாத உருவங்களுக்கு, அதாவது ஓர் எழுத்தைப்போல முனைகள் திறந்திருக்கும் உருவங்களுக்கு, தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் சோதனை பயன்படாது. அங்கே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பங்களை வரிசையாகச் சரிபார்க்க வேண்டும்.

அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உளவியல் சோதனைகளில் அளவு மாறக் கூடாது என்பது கண்டிப்பான விதி. தேர்வு வினாக்களில், குறிப்பாகப் பயிற்சிப் புத்தகங்களில், விடை உருவங்களைச் சற்றுச் சுருக்கி அச்சிட்டிருப்பார்கள். எனவே மில்லிமீட்டர் அளவைவிடப் பக்கங்களின் விகிதத்தையும் கோணங்களையும் நம்புவதே பாதுகாப்பானது. நம் சரிவகத்தில் அடிப்பக்கம் மேல்பக்கத்தைப்போல் இருமடங்கு என்பதுதான் முக்கியமே தவிர, அது எத்தனை சென்டிமீட்டர் என்பது முக்கியமல்ல. வளைவுகள் உள்ள உருவங்களில் கோணத்துக்குப் பதிலாக வளைவு எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்பதை முதல் அடையாளமாகக் கொள்ள வேண்டும். வெளியே புடைத்த வில்லுக்குப் பதிலாக உள்ளே குழிந்த வில்லைத் தருவது வினா அமைப்பவர்களின் வழக்கமான உத்தி.

சில தேர்வுகளில் இதே வினா தலைகீழாகவும் வரும். சிக்கலான படம் ஒன்று கொடுக்கப்பட்டு, நான்கு எளிய உருவங்களில் எது அதற்குள் மறைந்திருக்கிறது என்று கேட்பார்கள். அப்போது எளிய உருவங்களை ஒவ்வொன்றாகத் தேடாமல், சிக்கலான படத்தில் எவ்வகைச் சாய்வுகள் உள்ளன, அவற்றின் நீளம் என்ன என்பதை முதலில் பட்டியலிட்டுக்கொள்வது வேலையைப் பாதியாகக் குறைக்கும். மேலே கண்ட மூன்றாம் படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு சாய்வுகள் மட்டுமே உள்ளன. எல்லாம் ஒரே நீளம். ஒவ்வொன்றும் ஒரு சிறு சதுரத்தின் மூலைவிட்டம். மேல்பாதியில் இரண்டு கூரைபோல் நிற்கின்றன, கீழ்ப்பாதியில் இரண்டு தலைகீழ்க் கூரைபோல் நிற்கின்றன.

இப்படத்துக்கு, அளவு சுருக்கப்படாமல், கொடுக்கப்பட்ட நான்கு எளிய உருவங்களாக இவற்றை வைத்துக்கொள்வோம்: 1, 3, 7 ஆகியவற்றை இணைக்கும் பெரிய செங்கோண முக்கோணம், 1, 3, 5 ஆகியவற்றை இணைக்கும், முனை கீழ்நோக்கிய முக்கோணம், இரண்டு அலகு அகலமும் ஓர் அலகு உயரமும் கொண்ட செங்கோண முக்கோணம், 2, 3, 5, 4 ஆகியவற்றை இணைக்கும் இணைகரம். முதலாவதன் சாய்வு, படத்தில் உள்ள சாய்வுகளைப்போல் இருமடங்கு நீளம். எனவே அது இல்லை. மூன்றாவதன் சாய்வு மிகத் தட்டையானது. அந்தக் கோணத்தில் படத்தில் கோடே இல்லை. இணைகரத்துக்கு ஒரே மட்டத்தில் ஒரே பக்கமாகச் சாயும் இரண்டு கோடுகள் வேண்டும். படத்தில் மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சாய்வே உள்ளது. எஞ்சுவது முனை கீழ்நோக்கிய முக்கோணம். 1, 3, 5 என்ற புள்ளிகளிலேயே அதைத் தேடுபவருக்கு அது கிடைக்காது, ஏனெனில் அங்கே மூலைவிட்டங்கள் இல்லை. ஒரு மட்டம் கீழே இறங்கி 4, 6, 8 ஆகிய புள்ளிகளை இணைத்தால், நடுப் படுக்கைக் கோட்டை மேல்பக்கமாகவும் தலைகீழ்க் கூரையை மற்ற இரு பக்கங்களாகவும் கொண்டு அதே முக்கோணம் அதே திசையில் இருப்பது தெரியும்.